மூன்றாம் வகுப்பும் கப்பல் ஊழியரும்: ஒரே கை-வர்க்கச் சோதனை தந்த இரு விடைகள்

டைட்டானிக் கப்பல் 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் மூழ்கியது. அதன்பின் பிரிட்டனில் மெர்சி பிரபு தலைமையில் நடந்த விசாரணை, கப்பலில் இருந்தவர்கள் 2201 பேர் என்றும் அவர்களுள் 711 பேர் உயிர் தப்பினர் என்றும் கணக்கிட்டது. வேறு சில கணக்குகளில் இந்த எண்கள் சிறிது மாறுகின்றன. இந்த ஆய்வு முழுவதும் விசாரணைக் கணக்கையே பின்பற்றுகிறேன். முதல் வகுப்பினர் அதிகம் தப்பினர் என்பது எல்லோரும் அறிந்தது. நான் பார்க்க விரும்புவது அட்டவணையின் கீழ்ப் பாதியை: மூன்றாம் வகுப்புப் பயணிகளும் கப்பல் ஊழியர்களும் தப்பிய விகிதத்தில் வேறுபாடு உண்டா? கண்ட எண்ணிக்கைகளை எதிர்பார்ப்பு எண்ணிக்கைகளோடு ஒப்பிடும் கை-வர்க்கச் சோதனை ஒன்றே, தரவும் ஒன்றே. ஆனால் அட்டவணையை அமைக்கும் முறையைப் பொறுத்து விடை தலைகீழாகிறது. அதன் காரணத்தைப் புரிந்துகொள்ள எதிர்பார்ப்பு எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது, கட்டின்மைக் கூறுகள் ஏன் அவ்வளவு குறைவாக இருக்கின்றன என்ற இரண்டும் தெளிவாக வேண்டும்.

முழு அட்டவணை

| பிரிவு | தப்பியோர் | இறந்தோர் | மொத்தம் |
|---|---|---|---|
| முதல் வகுப்பு | 203 | 122 | 325 |
| இரண்டாம் வகுப்பு | 118 | 167 | 285 |
| மூன்றாம் வகுப்பு | 178 | 528 | 706 |
| ஊழியர் | 212 | 673 | 885 |
| மொத்தம் | 711 | 1490 | 2201 |

இங்கே இன்மைக் கருதுகோள், பிரிவும் உயிர் தப்புதலும் ஒன்றையொன்று சாராதவை என்பது. அது உண்மையானால், யார் எந்தப் பிரிவில் இருந்தாலும் தப்பும் வாய்ப்பு ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பு எவ்வளவு என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே அட்டவணையின் அடிவரியிலிருந்தே அதை எடுத்துக்கொள்கிறோம்: 711-ஐ 2201-ஆல் வகுத்தால் 0.323. முதல் வகுப்பின் 325 பேருக்கும் இதே வாய்ப்பு இருந்திருந்தால் 325 × 711 ÷ 2201, அதாவது ஏறத்தாழ 105 பேர் தப்பியிருப்பார்கள். வரிசை மொத்தத்தை நிரல் மொத்தத்தால் பெருக்கி முழு மொத்தத்தால் வகுக்க வேண்டும் என்று பாடத்தில் படிக்கும் வாய்பாடு இதுதான். அது தனி விதியன்று. பொதுவான விகிதத்தை ஒவ்வொரு பிரிவின் அளவோடும் பெருக்குவதே அது. வாய்ப்பை வெளியிலிருந்து பெறாமல் இதே தரவிலிருந்து எடுத்துக்கொண்டோம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டின்மைக் கூறுகளைக் கணக்கிடும்போது அதற்கு விலை கொடுக்க நேரும்.

105 பேர் தப்பியிருக்க வேண்டிய கட்டத்தில் 203 பேர் தப்பினர். வேறுபாடு 98. இது பெரிதா சிறிதா என்பதை வேறுபாட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சராசரியாக 105 என்று எதிர்பார்க்கும் ஓர் எண்ணிக்கை, தற்செயலாகவே, 105-இன் வர்க்கமூலமான 10 அளவுக்கு இப்படியும் அப்படியும் ஆடும் என்பது தோராயமான அளவுகோல். ஆகவே 98 என்பது ஏறத்தாழ ஒன்பதரை ஆட்டங்களுக்குச் சமம். அதை வர்க்கமாக்கினால் 91.5. கை-வர்க்க வாய்பாட்டில் வேறுபாட்டின் வர்க்கத்தை எதிர்பார்ப்பு எண்ணிக்கையால் வகுப்பதன் பொருள் இதுதான்:

```
χ² = Σ (O − E)² / E
```

O என்பது கண்ட எண்ணிக்கை, E என்பது எதிர்பார்ப்பு எண்ணிக்கை. எட்டுக் கட்டங்களின் பங்குகளையும் கூட்டினால் 190.4 வருகிறது. அதில் 91.5, அதாவது ஏறத்தாழப் பாதி, முதல் வகுப்பில் தப்பியோர் என்ற ஒரே கட்டத்திலிருந்து வருகிறது. மொத்த மதிப்பை மட்டும் அறிக்கையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். சாராமை இல்லை என்று சோதனை சொல்லுமே தவிர, எங்கே இல்லை என்று சொல்லாது. அதைக் கட்டங்கள்தாம் சொல்லும்.

மூன்று கூறுகள் ஏன், ஏழு ஏன் அல்ல

190.4-ஐ எந்தப் பரவலோடு ஒப்பிடுவது? அதற்குத்தான் கட்டின்மைக் கூறுகள், பேச்சு வழக்கில் டிகிரி ஆஃப் ஃப்ரீடம், தேவைப்படுகின்றன. மேலுள்ள அட்டவணையில் ஓரத்து மொத்தங்களை அப்படியே விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எட்டு எண்களையும் அழித்துவிடுங்கள். இப்போது முதல் மூன்று பிரிவுகளில் தப்பியோரின் எண்ணிக்கையை உங்கள் விருப்பப்படி நிரப்பலாம். அதற்குமேல் விருப்பத்துக்கு இடமில்லை: ஊழியரில் தப்பியோர் 711-இலிருந்து கழித்தால் வந்துவிடும், இறந்தோர் நிரல் முழுவதும் வரிசை மொத்தங்களிலிருந்து கழித்தால் வந்துவிடும். கட்டில்லாமல் நின்ற கட்டங்கள் மூன்று. வரிசைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, நிரல்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, இரண்டையும் பெருக்கச் சொல்லும் (4−1)(2−1) என்ற வாய்பாடு இந்த எண்ணலின் சுருக்கம்தான்.

சாராமை உண்மையாக இருந்தால் கை-வர்க்க மதிப்பின் சராசரி, கட்டின்மைக் கூறுகளின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கும். இது கையில் வைத்துக்கொள்ள நல்ல அளவுகோல். இங்கே 3-ஐச் சுற்றி வரவேண்டிய எண் 190.4 ஆக இருக்கிறது; 5 விழுக்காடு மிகைகாண் மட்டத்துக்கான எல்லையோ, அதாவது சாராமை உண்மையாக இருந்தால் தற்செயலாக நூற்றில் ஐந்து முறை மட்டுமே தாண்டப்படும் எண்ணோ, 7.815 மட்டுமே. மேற்கொண்டு சொல்ல எதுவுமில்லை.

இந்த எளிய எண்ணலைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கு மேல் குழப்பம் இருந்தது. கார்ல் பியர்சன் 1900-இல் இச்சோதனையை வெளியிட்டபோது, எதிர்பார்ப்பு எண்ணிக்கைகளைத் தரவிலிருந்தே மதிப்பிடுவதால் பரவல் பெரிதாக மாறாது என்று கருதினார். ஆகவே கட்டங்களின் எண்ணிக்கையில் ஒன்றை மட்டும் கழித்தால் போதும் என்பது அவர் கணக்கு. அதன்படி நம் அட்டவணைக்கு ஏழு கூறுகள், இரண்டுக்கிரண்டு அட்டவணைக்கு மூன்று கூறுகள். கிரீன்வுட்டும் யூலும் 1915-இல் டைஃபாய்டு, காலராத் தடுப்பூசித் தரவுகளை ஆராய்ந்தபோது, பியர்சனின் சோதனையும் இரு விகிதங்களை நேரடியாக ஒப்பிடும் முறையும் ஒரே அட்டவணைக்கு வெவ்வேறு விடை தருவதைக் கவனித்தனர். 1922-இல் ரொனால்டு ஃபிஷர், தரவிலிருந்து மதிப்பிடும் ஒவ்வொரு தனி அளவுக்கும் ஒரு கூறைக் கழிக்க வேண்டும் என்று காட்டினார். நான் முன்பு சொன்ன விலை இதுதான். பியர்சன் கடைசிவரை இதை ஏற்கவில்லை. பின்னர் பியர்சனின் மகன் ஈகான் வேறு நோக்கத்துக்காகத் தொகுத்திருந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட இரண்டுக்கிரண்டு அட்டவணைகளை ஃபிஷர் எடுத்துக்கொண்டு, அவற்றின் கை-வர்க்க மதிப்புகளின் சராசரி 3 அல்ல, ஏறத்தாழ 1 என்று காட்டினார். தந்தைக்கு எதிரான சான்று மகனின் தரவிலிருந்தே வந்ததில் ஒரு குறும்பும் இருந்திருக்கலாம்.

190.4 போன்ற மதிப்புக்கு ஏழோ மூன்றோ, எதுவும் முடிவை மாற்றாது. ஆனால் சிறிய மதிப்புகளில் மாற்றும். அதைக் கீழே காணலாம்.

கீழ்ப் பாதி: முதல் விடை

மூன்றாம் வகுப்பையும் ஊழியரையும் மட்டும் எடுத்தால் 1591 பேர். அவர்களில் 390 பேர் தப்பினர், 1201 பேர் இறந்தனர். மூன்றாம் வகுப்பில் தப்பியோர் 178, எதிர்பார்ப்பு 706 × 390 ÷ 1591 = 173.1. வேறுபாடு ஐந்துகூட இல்லை. கை-வர்க்க மதிப்பு 0.34, கூறு ஒன்று. சாராமை உண்மையாக இருந்தால் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய மதிப்பு தற்செயலாக வரும் வாய்ப்பான p-மதிப்பு 0.56. மூன்றாம் வகுப்பில் 25.2 விழுக்காட்டினர் தப்பினர், ஊழியரில் 24.0 விழுக்காட்டினர். இத்தகைய சிறு வேறுபாடு தற்செயலாகவே அடிக்கடி வரும் என்பது சோதனையின் விடை.

கணக்கில் பிழையில்லை. எதிர்பார்ப்பு எண்ணிக்கைகள் எல்லாம் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, சோதனையின் தோராயம் நன்றாகவே பொருந்தும். பலரும் இங்கேயே நிறுத்தி, இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஆனால் சோதனை கேட்ட கேள்வி, இந்த இரண்டு நிரல்களும் இந்த இரண்டு வரிசைகளும் சாராதவையா என்பது மட்டுமே. அட்டவணையில் இடம்பெறாத மூன்றாவது பண்பு ஒன்று இரண்டையும் இழுத்துக்கொண்டிருந்தால், சோதனைக்கு அது தெரிய வழியில்லை. படகுகளில் பெண்களும் குழந்தைகளும் முதலில் ஏற்றப்பட்டார்கள் என்பதை அறிந்தவர், ஒவ்வொரு பிரிவிலும் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டிருப்பார். மூன்றாம் வகுப்பின் 706 பேரில் 196 பேர் பெண்கள். ஊழியரின் 885 பேரில் 23 பேர் மட்டுமே.

பாலினவாரியாகப் பிரித்தபின்

| ஆண்கள் | தப்பியோர் | இறந்தோர் | மொத்தம் |
|---|---|---|---|
| ஊழியர் | 192 | 670 | 862 |
| மூன்றாம் வகுப்பு | 88 | 422 | 510 |
| மொத்தம் | 280 | 1092 | 1372 |

ஆண்களில் ஊழியர் 22.3 விழுக்காடு தப்பினர், மூன்றாம் வகுப்பினர் 17.3 விழுக்காடு. இதற்கான எதிர்பார்ப்பு எண்ணிக்கைகளை முழுமையாகவே காட்டுகிறேன். மூன்றாம் வகுப்பில் தப்பியோர் 510 × 280 ÷ 1372 = 104.08. மற்ற மூன்றையும் பெருக்கிக் காணவேண்டியதில்லை; கழித்தாலே போதும். மூன்றாம் வகுப்பில் இறந்தோர் 405.92, ஊழியரில் தப்பியோர் 175.92, இறந்தோர் 686.08. கண்ட எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் நான்கு கட்டங்களிலும் வேறுபாடு ஒரே அளவு, 16.08, குறி மட்டும் மாறுகிறது. இரண்டுக்கிரண்டு அட்டவணைக்கு ஏன் ஒரே ஒரு கூறு என்பதற்கு இதைவிட நேரடியான காட்சி இல்லை. நான்கு கட்டங்கள் நான்கு செய்திகளைச் சொல்லவில்லை. ஒரே செய்தியை நான்கு முறை சொல்கின்றன.

16.08-இன் வர்க்கமான 258.6-ஐ நான்கு எதிர்பார்ப்பு எண்ணிக்கைகளாலும் வகுத்துக் கூட்டினால் 4.97. ஒரு கூறுக்கான 5 விழுக்காட்டு எல்லை 3.841. p-மதிப்பு 0.026, ஆகவே இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது. பியர்சனின் பழைய எண்ணலின்படி மூன்று கூறுகள் என்று எடுத்திருந்தால் எல்லை 7.815 ஆகவும் p-மதிப்பு 0.17 ஆகவும் இருந்திருக்கும். அதே அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, வேறுபாட்டுக்குச் சான்றில்லை என்று எழுதியிருப்போம்.

பெண்களின் அட்டவணை சிறியது. ஊழியரில் 23 பேரில் 20 பேர் தப்பினர், மூவர் இறந்தனர். மூன்றாம் வகுப்பில் 196 பேரில் 90 பேர் தப்பினர், 106 பேர் இறந்தனர். ஒரு கட்டத்தில் 3 மட்டுமே இருப்பதைப் பார்த்து, ஐந்துக்குக் குறைவாக இருப்பதால் கை-வர்க்கச் சோதனையைச் செய்யக்கூடாது என்று சிலர் விலகிவிடுவார்கள். அந்தக் கட்டுப்பாடு கண்ட எண்ணிக்கைக்கு உரியதன்று, எதிர்பார்ப்பு எண்ணிக்கைக்கு உரியது. இங்கே மிகச் சிறிய எதிர்பார்ப்பு 23 × 109 ÷ 219 = 11.4. ஆகவே தடையில்லை. மதிப்பு 13.87, p-மதிப்பு 0.0002 அளவில். எதிர்பார்ப்பு எண்ணிக்கையே ஐந்துக்குக் கீழ் போயிருந்தால் ஃபிஷரின் துல்லியச் சோதனைக்குப் போவதுதான் முறை.

ஆண்களிலும் ஊழியரே அதிகம் தப்பினர், பெண்களிலும் ஊழியரே அதிகம் தப்பினர். இரண்டையும் சேர்த்தால் மூன்றாம் வகுப்பு ஒரு மயிரிழை முன்னே நிற்கிறது. தப்பும் வாய்ப்பு அதிகமாக இருந்த பெண்கள் மூன்றாம் வகுப்பில் கால்பங்குக்கு மேல், ஊழியரில் நாற்பதில் ஒருவர் அளவே. ஊழியருக்குச் சாதகமான வேறுபாட்டை அந்தக் கலவை விழுங்கிவிட்டது. சிம்ப்சன் முரண் என்று புள்ளியியலில் சொல்லப்படுவது இதைத்தான்.

பாலினவாரியான இரு அட்டவணைகளிலும் ஆட்கள் தனித்தனி என்பதால் அவற்றின் மதிப்புகளையும் கூறுகளையும் கூட்டலாம்: 4.97 + 13.87 = 18.84, கூறுகள் இரண்டு, எல்லை 5.991. பாலினத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டபின் பிரிவும் தப்புதலும் சாராதவை என்ற கருதுகோளுக்கான ஒட்டுமொத்த விடை இது. சேர்த்த அட்டவணை தந்த 0.34-ஐ இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம்.

கணினியில் செய்யும்போது

ஆண்களின் அட்டவணையை ஆர் மொழியில் இப்படி இடலாம்:

```r
m <- matrix(c(192, 670, 88, 422), nrow = 2, byrow = TRUE)
chisq.test(m, correct = FALSE)
chisq.test(m, correct = FALSE)$expected
```

`correct = FALSE` என்பதை விட்டுவிட்டால் விடை 4.97 ஆக இல்லாமல் 4.665 ஆகவும், p-மதிப்பு 0.031 ஆகவும் வரும். இரண்டுக்கிரண்டு அட்டவணைக்கு அந்தக் கட்டளை தானாகவே யேட்ஸ் திருத்தத்தைச் செய்கிறது, அதாவது ஒவ்வொரு வேறுபாட்டிலும் 0.5-ஐக் குறைத்துவிட்டுத்தான் வர்க்கமாக்குகிறது. கையால் செய்த கணக்கும் கணினிக் கணக்கும் ஒத்துவரவில்லை என்று வருவோரில் பெரும்பாலோரின் சிக்கல் இதுவாகவே இருக்கும். இவ்வளவு பெரிய எதிர்பார்ப்பு எண்ணிக்கைகள் இருக்கும்போது திருத்தம் தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் எதைப் பயன்படுத்தினோம் என்று அறிக்கையில் எழுதுவது கட்டாயம்.

இதைவிடக் கெட்ட பிழை, எண்ணிக்கைகளுக்குப் பதிலாக விழுக்காடுகளைக் கட்டங்களில் இடுவது. 22.3, 77.7, 17.3, 82.7 என்று இட்டால் கை-வர்க்க மதிப்பு 0.79 ஆகச் சுருங்கிவிடும். 1372 பேரைப் பற்றிய தரவை இருநூறு பேரைப் பற்றியது என்று சோதனைக்குச் சொல்லிவிட்டோம் என்பதே காரணம். கட்டளை எந்தப் பிழைச்செய்தியும் தராது, பின்னங்கள் இருப்பதையும் பொருட்படுத்தாது. `$expected` அட்டவணையை அச்சிட்டு, அதன் மொத்தம் உண்மையான ஆள்தொகைக்குச் சமமாக இருக்கிறதா என்று பார்த்தால் உடனே பிடிபட்டுவிடும்.

0.026 எவ்வளவு தூரம் தாங்கும்

ஆண்களின் அட்டவணை தந்த p-மதிப்பை நான் பெண்களின் மதிப்பைப் போல உறுதியாக நம்பவில்லை. ஒரு காரணம், மூன்றாம் வகுப்பையும் ஊழியரையும் ஒப்பிட வேண்டும் என்ற எண்ணமே முழு அட்டவணையைப் பார்த்தபின் எனக்குத் தோன்றியது. தரவைப் பார்த்துவிட்டுத் தேர்ந்த ஒப்பீட்டுக்கு 0.05 என்ற எல்லை சற்றுத் தாராளமானது.

இன்னொரு காரணம் கனமானது. கை-வர்க்கச் சோதனை ஒவ்வொரு ஆளின் முடிவும் மற்றவரின் முடிவைச் சாராதது என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் மனிதர்கள் படகுகளில்தான் தப்பினர்; ஒரு படகு பாதுகாப்பாக இறக்கப்பட்டால் அதில் இருந்த எல்லோரும் சேர்ந்தே தப்பினர். குடும்பங்கள் சேர்ந்தே நின்றன. படகுகளைச் செலுத்த ஊழியர்கள் குழுக்களாகவே அமர்த்தப்பட்டனர், ஊழியரில் ஆண்கள் முந்தியிருப்பதற்கு அதுவே ஒரு பகுதி விளக்கமும் ஆகலாம். இப்படி ஆட்கள் கொத்துக்கொத்தாக ஒரே விதியைப் பகிர்ந்துகொள்ளும்போது, 1372 என்ற எண் உண்மையில் உள்ள தனித்த செய்திகளைவிட அதிகமாகக் காட்டுகிறது. கை-வர்க்க மதிப்பும் ஊதிப்போகிறது. முழு அட்டவணையின் 190.4-ஐப் பாதியாகக் குறைத்தாலும் முடிவு அசையாது. 4.97-ஐ மூன்றில் இரண்டாகக் குறைத்தால் 3.3, எல்லைக்குக் கீழே வந்துவிடும்.

எதிர்த்திசையில் இழுப்பதும் ஒன்று உண்டு. மூன்றாம் வகுப்பு ஆண்கள் 510 பேரில் 48 பேர் சிறுவர்கள், அவர்களில் 13 பேர் தப்பினர். ஊழியரில் குழந்தைகளே இல்லை. சிறுவர்களை நீக்கிவிட்டு வயதுவந்த ஆண்களை மட்டும் ஒப்பிட்டால் மூன்றாம் வகுப்பில் 462 பேரில் 75 பேர், அதாவது 16.2 விழுக்காட்டினர், தப்பியிருக்கிறார்கள்; கை-வர்க்க மதிப்பு 6.82 ஆக உயர்கிறது, p-மதிப்பு 0.009. இதை மூன்றில் இரண்டாகக் குறைத்தாலும் 4.5 அளவில் எல்லைக்கு மேலேயே நிற்கிறது. ஆகவே ஆண்களில் ஊழியருக்குச் சாதகமான வேறுபாடு இருந்தது என்ற பக்கமே நான் சாய்கிறேன். அறிக்கையில் முன்வைக்க வேண்டியதும் வயதுவந்தோரின் இந்த அட்டவணையைத்தான்.